டி-ஸ்கோர், இசட்-ஸ்கோர், ஃபிராக்ஸ்: அம்மாவின் டெக்ஸா ரிப்போர்ட்டுகளோடு சில வருட அனுபவம்

அம்மாவுக்கு 66 வயதில் முதல் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். அதிலிருந்து அவருடைய எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டுகளை நான்தான் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் பழையதோடு ஒப்பிட்டு, டாக்டரிடம் எடுத்துப் போகிறேன். ஃபிராக்ஸ் என்ற எலும்பு முறிவுக் கணிப்பானையும் பல தடவை பயன்படுத்தியிருக்கிறேன். இவற்றில் எதை நம்பலாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை அந்த ரிப்போர்ட்டை வைத்தே சொல்கிறேன்.

முதல் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்தது இவ்வளவுதான்: முதுகுத்தண்டு டி-ஸ்கோர் −1.3, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி −2.1, ஆஸ்டியோபீனியா. அதாவது அடர்த்தி குறைவு, ஆனால் எலும்புப்புரை இல்லை. பெரும்பாலான வீடுகளில் இந்த வரியோடு ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும்.

டி-ஸ்கோர் என்பது நம் எலும்பை இளம் வயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிடும் எண். தொடைக் கழுத்துக்கு அமெரிக்காவின் என்ஹேன்ஸ் ஆய்வில் 20 முதல் 29 வயதுப் பெண்களிடம் எடுத்த அளவைத்தான் உலகம் முழுக்க அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். ஹோலாஜிக் மெஷினில் அந்தச் சராசரி சதுர சென்டிமீட்டருக்கு 0.858 கிராம், அதன் திட்ட விலக்கம் 0.120. அம்மாவுக்கு வந்தது 0.612. கணக்கு இப்படிப் போகும்:

```
T = (0.612 − 0.858) / 0.120 = −2.05
```

இதைத்தான் −2.1 என்று அச்சிட்டிருந்தார்கள். −1 வரை இயல்பு, −1க்கும் −2.5க்கும் இடையில் ஆஸ்டியோபீனியா, −2.5 அல்லது அதற்குக் கீழே எலும்புப்புரை என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த எல்லை. மாதவிடாய் நின்ற பெண்களை மனதில் வைத்து வகுத்தது அது.

இசட்-ஸ்கோர் அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் எண். அம்மாவுக்கு அது −0.5. பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு, அப்புறம் என்ன கவலை?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் 66 வயதில் பலருக்கும் எலும்பு இளைத்துத்தான் இருக்கும். அவர்களோடு சமமாக இருப்பதால் கீழே விழும்போது எலும்பு உடையாது என்று ஆகிவிடாது. இந்த வயதில் இசட்-ஸ்கோரின் வேலை வேறு. அது −2 அல்லது அதற்குக் கீழே இருந்தால், வயதைத் தாண்டி வேறு காரணம் இருக்கிறதா என்று தேடச் சொல்கிறது. தைராய்டு, பாராதைராய்டு, குடல் சரியாக உறிஞ்சாமை, ஸ்டீராய்டு மாத்திரை என்று அந்தப் பட்டியல் நீளும்.

இசட்-ஸ்கோரே முக்கியமாகிற இடம் இளம் வயது. என் தங்கைக்கு 36 வயது. அவள் அலுவலகத்தில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்துப் பார்த்து, டி-ஸ்கோர் −2.6, எலும்புப்புரை என்று சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு அவள் அழுதுகொண்டே போன் செய்தாள். அந்தச் சீட்டில் இரண்டு தவறுகள். குதிகாலில் பார்ப்பது அல்ட்ராசவுண்ட். −2.5 என்ற எல்லை டெக்ஸாவுக்கானது, அதைக் குதிகால் அளவுக்குப் பொருத்தக் கூடாது. அடுத்து, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு டி-ஸ்கோரை மட்டும் வைத்து எலும்புப்புரை என்று சொல்வதே முறையில்லை, இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். பிறகு டெக்ஸா எடுத்ததில் அவளுடைய இசட்-ஸ்கோர் −0.9. இயல்புதான். இப்படி ஒரு சீட்டைக் கையில் திணித்து ஒரு பெண்ணைப் பயமுறுத்தி அனுப்புவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். முடிவு வரியை விட்டுவிட்டு, முதுகுத்தண்டுப் படத்தையும் அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன அட்டவணையையும் டாக்டர் பார்த்தார். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் தனித்தனி டி-ஸ்கோர் அதில் இருக்கும். L1 −2.4, L2 −2.2, L3 −0.7, L4 −0.2. பேனாவால் கீழ் இரண்டையும் வட்டமிட்டு, "இது ரெண்டும் நல்ல எலும்பு இல்லைங்கம்மா, தேய்மானத்துல வளர்ந்த முள்ளு" என்றார். படத்திலும் L3, L4 ஓரங்கள் வெள்ளையாகத் தடித்துத் தெரிந்தன. தேய்மானத்தில் வளரும் எலும்பு முள், முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பு, ஏற்கெனவே நசுங்கிப்போன முள்ளெலும்பு எல்லாமே அடர்த்தியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். பக்கத்து எலும்பைவிட ஒரு முள்ளெலும்பின் டி-ஸ்கோர் 1க்கு மேல் விலகியிருந்தால் அதைச் சந்தேகப்பட்டு, தேவையானால் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். குறைந்தது இரண்டு எலும்புகள் மிஞ்ச வேண்டும். L1, L2 மட்டும் எடுத்தபோது −1.3 என்பது −2.3 ஆகிவிட்டது. எல்லைக்கு அருகில் வந்துவிட்டோம், ஆனாலும் தாண்டவில்லை.

இங்கேதான் கணிப்பான் வருகிறது. அம்மா 62 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிகிறது என்றால் அதுவே ஒரு பெரிய தகவல். டி-ஸ்கோருக்கு அது தெரியாது.

ஃபிராக்ஸ் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008இல் வெளிவந்தது. வயது, எடை, உயரம், முன்பு எலும்பு முறிந்ததா, பெற்றோருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் போன்ற சில கேள்விகளைக் கேட்டு, அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பை இரண்டு சதவீதங்களாகத் தருகிறது. ஒன்று முதுகுத்தண்டு, இடுப்பு, முன்கை, தோள் ஆகிய நான்கும் சேர்ந்தது. மற்றொன்று இடுப்புக்கு மட்டும்.

முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் இடுப்பு முறிவு எவ்வளவு, ஆயுள் எவ்வளவு என்பதை வைத்து அந்தக் கணக்கு அமைகிறது. அதே அம்மாவின் விவரங்களை அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் மாற்றிப் போட்டால் சதவீதம் மாறும். சிங்கப்பூருக்குச் சீனர், மலாய், இந்தியர் என்று தனித்தனிக் கணக்கே இருக்கிறது.

அடர்த்தி கேட்கும் பெட்டியில் தொடைக் கழுத்தின் அளவை மட்டும் போட வேண்டும். முதுகுத்தண்டின் எண்ணை அங்கே போடக் கூடாது. மெஷினின் பெயரைத் தேர்ந்தெடுத்து `g/cm2` அளவையே கொடுப்பதுதான் நல்லது. சில மையங்கள் ஆசியர் அல்லது இந்தியர் சராசரியோடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் போடுகின்றன. அதை அப்படியே கணிப்பானில் போட்டால் ஆபத்து குறைவாகத் தெரியும். கிராம் அளவைக் கொடுத்தால் அந்தக் குழப்பமே வராது.

மணிக்கட்டு முறிவை "இல்லை" என்றும் பிறகு "ஆம்" என்றும் போட்டுப் பார்த்தேன். வேறு எதையும் தொடவில்லை, சதவீதம் கண்ணில் படும்படி ஏறியது. ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி கூட மாறாமல் அம்மாவின் நிலைமை அங்கே மாறிவிட்டது.

முதுகுத்தண்டைக் கணக்கில் சேர்க்க ஒரு சின்னத் திருத்தம் உண்டு. முதுகுக்கும் தொடைக் கழுத்துக்கும் உள்ள டி-ஸ்கோர் வித்தியாசத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் முதல் சதவீதத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கணிப்பான் 12 என்று காட்டி, முதுகு ஒரு புள்ளி மோசமாக இருந்தால் 13.2. முதுகு ஒரு புள்ளி மேலாக இருந்தால் 10.8. அம்மாவுக்கு அச்சிட்டிருந்த −1.3ஐ நம்பியிருந்தால், எலும்பு முள்ளின் புண்ணியத்தில் ஆபத்தைக் குறைத்திருப்போம். உண்மையான −2.3ஐ வைத்தால் திருத்தமே தேவைப்படவில்லை.

கணிப்பானின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அடிக்கடி கீழே விழுகிறவரா என்று ஃபிராக்ஸ் கேட்பதில்லை. ஒரு முறிவா மூன்று முறிவா என்றும் கேட்பதில்லை. நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு அதில் இடமில்லை, அதனால் சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்தைக் குறைத்தே காட்டும். முடக்குவாதத்துக்கான கேள்விக்கு "ஆம்" போட்டு அதைச் சரிக்கட்டும் வழக்கம் டாக்டர்களிடம் உண்டு. ஸ்டீராய்டு எவ்வளவு என்றும் அதற்குத் தெரியாது. தினமும் 7.5 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறவருக்கு முதல் சதவீதத்தை 15 சதவீதம் கூட்டிப் படிக்கச் சொல்கிறார்கள். விழுவதையும் முறிவுகளின் எண்ணிக்கையையும் கேட்கும் கணிப்பான் ஒன்று உண்டு. சிட்னியின் கார்வன் நிறுவனம் செய்தது. அடிக்கடி தடுமாறும் பெரியவர்களுக்கு இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

20 சதவீதம், இடுப்புக்கு 3 சதவீதம் வந்தால் மருந்து என்று இணையத்தில் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள். அது அமெரிக்காவில் மருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு வைத்த எல்லை. இங்கிலாந்தில் வயதுக்கு வயது எல்லை மாறும். எங்கள் டாக்டர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. முதலில் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு பார்த்தார். வைட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மென்மையாகியிருந்தாலும் டெக்ஸாவில் டி-ஸ்கோர் இறங்கித்தான் தெரியும். அதற்கு வைத்தியம் வேறு. முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார், வலியே இல்லாமல் நசுங்கிய முள்ளெலும்பு இருக்கிறதா என்று பார்க்க. அதெல்லாம் பார்த்த பிறகுதான் வாராந்திர அலெண்ட்ரோனேட் மாத்திரை ஆரம்பித்தது.

அடுத்த ஸ்கேனை வீட்டுக்குப் பக்கத்தில் என்று வேறொரு மையத்தில் எடுத்தோம். தொடைக் கழுத்து 0.742 என்று வந்தது. 0.612இலிருந்து 21 சதவீத உயர்வு! அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எந்த மாத்திரையும் இரண்டு வருடத்தில் அங்கே அவ்வளவு கூட்டாது. மெஷின் லூனார். ஒரே எலும்பை லூனார் எப்போதும் ஹோலாஜிக்கைவிடக் கூட்டித்தான் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை.

பிறகு பழைய மையத்துக்கே போனோம். முழு இடுப்பு அளவு 0.705இலிருந்து 0.721 ஆகியிருந்தது, 2.3 சதவீதம். ஆளை இறக்கி மறுபடி படுக்க வைத்து எடுத்தாலே அளவு கொஞ்சம் மாறும். பாதத்தை முக்கோணக் கட்டையில் கட்டிக் காலை உட்பக்கம் திருப்பி வைக்கும் கோணம் பிசகினாலே போதும். அதனால் ஒவ்வொரு மையமும் எவ்வளவு மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று தன் அளவைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். முழு இடுப்புக்கு அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். எங்கள் மையத்தில் கேட்டபோது 4 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆக 2.3 என்பது "மாற்றமில்லை" என்றுதான் பொருள். மருந்தில் இருப்பவருக்கு இறங்காமல் நிற்பதே நல்ல முடிவு என்றார் டாக்டர்.

மருந்து ஆரம்பித்த பிறகு நான் ஃபிராக்ஸ் போடுவதில்லை. அது மருந்து எடுக்காதவர்களை வைத்துச் செய்த கணக்கு. இப்போது நான் கவனிப்பது அம்மாவின் உயரத்தை. இளம் வயதில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்தால், டெக்ஸா தேதி வரும்வரை காத்திருக்காமல் முதுகு எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை 2 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது.