காசு கட்டிய கியூஆர் வாசலில் உள்ளே விடாது: ரிக்கெற் வாங்குவோர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. கொக்குவிலில் இருந்து ஒரு குடும்பம், நாலு பேர், தலா 2,500 ரூபாய். வட்ஸ்அப்பில் சுற்றிய விளம்பரப் படத்தின் அடியில் ஒரு கியூஆர் இருந்தது. தகப்பன் வங்கிச் செயலியைத் திறந்து அதை ஸ்கான் பண்ணி, 10,000 என்று தானே அடித்து, பின் நம்பரைப் போட்டார். காசு போனது, வங்கியிடமிருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்தது. அதை விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு அனுப்பியதும் பத்து நிமிடத்தில் தங்க நிறக் கரை போட்ட நாலு படம் வந்தது. ஒவ்வொன்றிலும் ஆசன இலக்கம், நடுவில் ஒரு கியூஆர்.

வாசலில் நின்ற பெடியன் முதல் படத்தை ஸ்கான் பண்ணினான், சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. வாங்கி வடிவாகப் பார்த்துவிட்டு, "ஐயா, இது காசு கட்டுற கியூஆர். ரிக்கெற் எங்க?" என்றான்.

நாலு படத்திலும் இருந்தது ஒரே கியூஆர். அதுவும் அவர் காசு கட்டிய அதே கியூஆர். ஆசன இலக்கம் மட்டும்தான் மாறியிருந்தது. ஏமாற்றியவன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கறுப்புச் சதுரம் நிறைந்த ஒரு பெட்டியைக் கண்டால் அது ரிக்கெற்தான் என்று சனம் நம்பிவிடும், அந்த நம்பிக்கையே அவனுக்குப் போதும்.

இரண்டும் பார்வைக்கு ஒன்று, வேலை வேறு. கடை மேசையில் ஒட்டியிருக்கும் லங்காகியூஆர் மாதிரியான காசு கட்டும் குறி, "காசை இந்தக் கணக்குக்கு அனுப்பு" என்று உங்கள் வங்கிச் செயலிக்குச் சொல்லும் முகவரி. ஆயிரம் பேர் ஸ்கான் பண்ணினாலும் அது மாறாது. யார் கட்டினார், எதற்குக் கட்டினார் என்பது அதற்குள் இல்லை. ரிக்கெற் குறி அப்படியில்லை. அது ஒருவருக்கென்று எழுதிய தனி இலக்கம். வாசலில் உள்ள போன் அந்த இலக்கத்தை ஏற்பாட்டாளரின் பட்டியலில் தேடும். இருந்தால் பச்சை காட்டி, "பயன்படுத்தப்பட்டது" என்று அடையாளம் போட்டுவிடும். அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் சிவப்பு. அதனால்தான் ஒரே ரிக்கெற்றின் ஸ்கிரீன்ஷொட்டை ஐந்து பேருக்கு விற்றால், முதலில் வாசலுக்கு வந்தவர் மட்டும் உள்ளே போவார். மற்ற நாலு பேரும் வாசலில் சண்டை பிடிப்பார்கள். ரிக்கெற்றைக் குறியோடு படம் எடுத்து முகநூலில் போடுவதும் இதே கணக்குத்தான்.

எது எதுவென்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வங்கிச் செயலியால் திறக்காதீர்கள். போனின் கமெராவாலோ, எழுத்தை மட்டும் காட்டும் சாதாரண ஸ்கானராலோ திறவுங்கள். அந்த நாலு படத்துக்குள்ளும் இருந்தது இப்படியானது (வாசிக்க வசதியாக இடைவெளி விட்டிருக்கிறோம், பெயரும் கணக்கு விபரமும் நீக்கப்பட்டுள்ளன):

```
000201 010211 26… 52045411 5303144
5802LK 5909XXXXXXXXX 6006JAFFNA 6304…
```

`000201` என்று தொடங்கினால் மேலே வாசிக்கவே தேவையில்லை, அது காசு கட்டும் குறி. ஒவ்வொரு துண்டிலும் முதல் இரண்டு இலக்கம் விடயத்தின் எண், அடுத்த இரண்டு அதன் நீளம், மிச்சம் விடயம். `5303144` இலங்கை ரூபாய், `5802LK` நாடு. 59இல் தொடங்குவது காசு பெறுபவரின் பெயர், 60இல் தொடங்குவது ஊர். `010211` இல் கடைசி 11 என்பது எல்லாருக்கும் பொதுவான நிலையான குறி என்று அர்த்தம். 54இல் தொடங்கும் துண்டு இல்லை, அதாவது தொகை எழுதப்படவில்லை. அதனால்தான் தகப்பனார் 10,000ஐத் தானே அடிக்க வேண்டி வந்தது. இன்னுமொன்று: 52இன் கீழ் உள்ள 5411 பலசரக்குக் கடைகளுக்கான வகை எண். பாட்டுக் கச்சேரிக்குப் பலசரக்குக் கடைக் கணக்கில் காசு!

ரிக்கெற் குறியைத் திறந்தால் இப்படி ஒன்று வரும், அல்லது ஓர் இணைய முகவரி வரும்:

```
7Kq2-XD9f-41mB
```

கண்ணாலும் ஓரளவு பிடிக்கலாம். இவ்வளவு சின்ன இலக்கத்துக்கு ஒரு பக்கத்தில் 21 கட்டம் போதும், சதுரங்கள் பெரிதாக இருக்கும். காசு கட்டும் குறிக்குள் நூறு எழுத்துக்கு மேல் இருப்பதால் கட்டங்கள் நாற்பதைத் தாண்டி, பொடிப் பொடியாக நெருங்கியிருக்கும். ஆனால் சில ஏற்பாட்டாளர்கள் ரிக்கெற்றுக்குள்ளும் நீளமாக எழுதுவார்கள், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நாலு ரிக்கெற் வாங்கினால் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலம் நாலிலும் ஒன்றாக இருந்தால் ஏற்பாட்டாளரை அப்போதே கேளுங்கள். நாலு பேருக்கு ஒரே ரிக்கெற் கொடுக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் அதில் "4 பேர்" என்று எழுதியிருக்க வேண்டும், நாலு வேறு ஆசன இலக்கம் இருக்கக் கூடாது.

நேர்மையான ஏற்பாட்டாளரிடமும் இந்தக் குழப்பம் வரும். நிலையான குறியை விளம்பரத்தில் போட்டுவிட்டால், ஒரு பின்னேரத்தில் முப்பது பேர் தலா 5,000 கட்டுவார்கள். ஏற்பாட்டாளரின் கணக்கில் தெரிவது தொகையும் நேரமும்தான். எந்த 5,000 யாருடையது என்று வட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷொட்டோடு கையால் பொருத்த வேண்டும், அதில் இரண்டு பேர் விடுபட்டுப் போவது நிச்சயம். ஒழுங்கான முறையில் பதிவு முதலில், காசு பிறகு. நீங்கள் ஆசனத்தைத் தெரிவு செய்ததும் ஒரு பதிவு இலக்கம் வரும். அந்தப் பதிவுக்கென்றே ஒரு கியூஆர் உருவாகும். அதில் `010212` என்று இருக்கும், 54இல் தொகை இருக்கும், 62இல் உங்கள் பதிவு இலக்கம் இருக்கும். ஸ்கான் பண்ணினால் தொகையை நீங்கள் அடிக்கத் தேவையில்லை. காசு சேர்ந்ததும் ரிக்கெற் தனியாக மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரும். அது வரும்வரை உங்களிடம் இருப்பது பற்றுச்சீட்டு மட்டுமே. வங்கியின் எஸ்எம்எஸ்ஸை வாசலில் காட்டி வாதாடிப் பயனில்லை, வாசல் போனுக்கு வங்கிக் கணக்குத் தெரியாது.

பின் நம்பர் போடுவதற்கு முன் செயலி ஒரு பெயரைக் காட்டும். அந்த 59ஆம் துண்டுதான் அது. நிகழ்ச்சியை நடத்துவோரின் பெயராக இல்லாவிட்டால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். கொக்குவில் தகப்பனாரின் திரையிலும் ஒரு கடைப் பெயர் வந்திருக்கிறது, அவர் பார்க்கவில்லை.

கதை வாசலோடு முடியவில்லை. அன்றிரவே அவர் அந்த நம்பருக்கு எடுத்தார். "அண்ணை, சிஸ்டம் பிழைச்சிட்டுது. காசைத் திருப்பி விடுறன், இந்தக் கியூஆரை ஸ்கான் பண்ணி 10,000 எண்டு அடியுங்கோ" என்று பதில். நல்ல வேளை, மகள் போனைப் பறித்துவிட்டாள். கடைக் குறியை நீங்கள் ஸ்கான் பண்ணி பின் நம்பர் போட்டால் காசு உங்களிடமிருந்து வெளியேதான் போகும், உள்ளே வராது.

காசு போய்விட்டால் வட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். வந்த படங்களை வந்தபடியே வைத்திருங்கள், வெட்டிச் சுருக்கினால் குறி திறக்காமல் போகலாம். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் உள்ள குறிப்பு இலக்கத்தை எழுதிக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள், பொலிசிலும் முறைப்பாடு போடுங்கள். பின் நம்பரை நீங்களே போட்டதால் வங்கி தானாகக் காசைத் திருப்பித் தராது. ஆனால் அந்தக் கடைக் குறியை ஒரு வங்கி யாரோ ஒருவருக்குக் கொடுத்திருக்கிறது, அவரின் பதிவு அந்த வங்கியிடம் இருக்கும். பொலிஸ் கேட்கும்போது அதைத் தேடிப் பிடிக்க, அந்தக் குறிப்பு இலக்கமும் படத்துக்குள் இருக்கும் `26` துண்டும் வேண்டும்.