ஒரு ஏக்கருக்குக் கல்லுக்கால் முள்வேலி: செலவுக் கணக்கும் ஐந்தாறு வருஷ அனுபவமும்

பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. 110 அடி அகலம், 396 அடி நீளம். வேலி போட்டு ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. "ஏக்கருக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் வேலிக்கு ஏக்கர் கணக்கு உதவாது. இதே ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடிதான். எங்களுடையது ரிப்பன் மாதிரி நீண்டு கிடப்பதால் 1,012 அடி. எனவே முதலில் சர்வே கல்லுக்குக் கல் டேப் பிடித்து நான்கு பக்கத்தையும் அளந்துவிடுங்கள்.

கேட்டுக்கு 12 அடி விட்டால் வேலி 1,000 அடி. கால் இடைவெளி 10 அடி என்றால் நூறு கால் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக வகுக்க வேண்டும், ஏனென்றால் மூலையில் கால் வந்தே ஆக வேண்டும். இரண்டு காலுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணி என்போம். 396 அடியில் 40 கண்ணி, இரு நீளப் பக்கத்துக்கும் சேர்த்து 80. பின்பக்கம் 11. முன்பக்கம் கேட்டுக்கு இரண்டு புறமும் ஐந்தைந்து. மொத்தம் 101 கண்ணி, கேட் இடையில் விட்டிருப்பதால் கால் 102.

பலர் விட்டுவிடுவது, நிற்கும் காலுக்குச் சாய்வாக முட்டுக் கொடுக்கும் முட்டுக்காலை. கம்பியை இழுத்து முறுக்கும்போது பாரமெல்லாம் மூலைக்காலில்தான் விழும். மூலைக்கு இரண்டு என எட்டு, கேட் கால்களுக்கு ஒவ்வொன்று, நீளப் பக்கங்களில் சுமார் நூறு அடிக்கு ஒரு காலுக்கு இருபுறமும் முட்டு என பன்னிரண்டு. ஆக 22. மொத்தம் 124 கால். உடைந்துபோனால் என்று இரண்டு சேர்த்து 126 வாங்கினோம். கிருஷ்ணகிரி, தருமபுரியில் கல்லுக்கால் உள்ளூரிலேயே கிடைப்பது ஒரு வசதி. ஏழடிக் கால், இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி மேலே. இறக்கும்போது ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் 'டிங்' என்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் மொத்தையாகக் கேட்கும்.

கம்பியை ரோல் எண்ணிக்கையில் விலை பேசாதீர்கள், எடையில் பேசுங்கள். 12 கேஜ் முள்கம்பி கிலோவுக்குச் சுமார் 30 அடி வந்தது. 14 கேஜ் மெலிசு, அதே கிலோவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம் வரும். கடைக்காரர் "ரோல் கம்மி விலை" என்றால் கேஜும் கிலோவும் கேட்காமல் தலையாட்டக் கூடாது. எங்களுக்கு ஐந்து வரிசை: 5,000 அடி, முடிச்சுக்கும் இணைப்புக்கும் நூற்றுக்கு ஐந்து கூட்டி 5,250 அடி. 25 கிலோ ரோல் ஏழு போதுமானதாக இருந்தது.

அன்று எனக்கு அமைந்த விலை இது. உங்கள் விலையை இதன் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் 280 வீதம் 35,280. கம்பி கிலோ 95 வீதம் 16,625. குழி எடுத்து நடக் கால் ஒன்றுக்கு 120, அது 14,880. கம்பி இழுத்துக் கட்ட அடிக்கு 8 வீதம் 8,000. வண்டி வாடகை, கட்டுக்கம்பி, மூலைக்கும் முட்டுக்கும் சிமெண்ட் ஜல்லி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துச் சொச்சம். கேட் இல்லாமல் அடிக்குச் சுமார் 85 ரூபாய். கல்லும் அதை நடுவதுமே பாதிக்கு மேல். கம்பி ஐந்தில் ஒரு பங்குதான்.

அதனால்தான் இடைவெளியைக் கூட்டிச் செலவைக் குறைக்க ஆசை வரும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் 12 அடிக்கு ஒன்று போட்டார். எங்கள் அளவுக்கு அப்படிச் செய்தால் சுமார் பதினேழு கால் குறையும், ஏழாயிரம் வரை மிச்சம். இரண்டு வருஷத்தில் நடுக்கண்ணியில் கம்பி தொய்ந்து, ஆடு தலையை நுழைத்து விரித்துக்கொண்டு உள்ளே வந்தது. இப்போது கண்ணிக்கு ஒரு சவுக்குக் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டியிருக்கிறார், குச்சி மக்க மக்க மாற்றுகிறார். என் கணக்குக்கு 10 அடிதான் சரி. ஆடு மாடு அதிகம் நடமாடும் பாதை ஓரம் மட்டும் 8 அடி போடலாம்.

கூலி பேசும்போது இன்னொன்று. நம் பக்கம் ஒரு அடி தோண்டினால் சில இடத்தில் பாறை வந்துவிடும். கடப்பாரை இறங்கவில்லை என்றால் ஆள் கூடுதல் கேட்பார், அது நியாயம்தான். பாறைக் குழிக்குத் தனி விலை என்று முன்பே பேசிவிட்டால் பிறகு தகராறு இல்லை.

இத்தனை வருஷத்தில் கல்லுக்கு ஒன்றுமில்லை. பள்ளத்தில் வண்டல் மண்ணில் நின்ற இரண்டு மட்டும் மழையில் சாய்ந்தன, நிமிர்த்தி ஜல்லி குத்தினோம். கம்பியில் துரு பிடித்தது ஒரே இடத்தில்: பக்கத்து வரப்பில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தபோது அடிவரிசையின் துத்தநாகப் பூச்சு போய்விட்டது. அந்த நாற்பது அடி மட்டும் செம்பழுப்பாகி, கையால் வளைத்தாலே உடைகிறது. மற்ற இடமெல்லாம் இன்னும் சாம்பல் நிறம்தான். கட்டுக்கம்பி வாங்கும்போது கறுப்பு வேண்டாம், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாங்குங்கள், இல்லையென்றால் முள்கம்பி இருக்கும், கட்டு மட்டும் அறுந்து விழும்.

காட்டுப்பன்றிக்கு இந்த வேலி போதாது. அடிவரிசையைத் தரையிலிருந்து முக்கால் அடியில் கட்டியும், மண்ணைக் கிளறிக்கொண்டு அடியில் புகுந்து வருகிறது. நிலக்கடலை போடுகிறவர்கள் அதற்கென்று தனியாக யோசிக்க வேண்டும்.