ஆறு வருடம் ஒரே ஏஜென்ட்டிடம் கண்டெய்னர் புக்கிங்: எடையில் கெட்டி, தேதியில் எரிச்சல்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க ஷிப்பிங் ஏஜென்ட் எப்படி? முதல் தடவையா ஒரு கண்டெய்னர் அனுப்பப் போறேன், அவர்கிட்டயே கொடுக்கலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. ஆறு வருடமாக மாதம் ஒன்றோ இரண்டோ பெட்டி அவர் வழியாகத்தான் போகிறது. எல்லாமே 25 கிலோ பையில் கட்டிய கனிமப் பொடி, 20 அடி கண்டெய்னர். அதனால் என் அனுபவம் கனமான சரக்கை வைத்துத்தான்.

முதலில் எனக்குப் பிடித்த விஷயம். ஆரம்பத்தில் நான் புக்கிங் கேட்டு எழுதும்போது "எடை 25 டன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். இன்வாய்ஸில் இருப்பது அந்த எண்தானே. முதல் புக்கிங்கிலேயே ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், இந்த 25 டன்னில் பை, பேலட் எல்லாம் சேர்ந்திருக்கா, இல்லை பொடி மட்டுமா?" என்று அந்தத் தம்பி கேட்டார். பொடி மட்டும்தான் என்றேன். பேப்பரை எடுத்துக்கொள்ளச் சொல்லி வரிசையாகக் கூட்ட வைத்தார். ஆயிரம் பை, காலிப் பை ஒவ்வொன்றும் சுமார் 100 கிராம், ஆக 100 கிலோ. இருபது பேலட், ஒவ்வொன்றும் 20 கிலோ, ஆக 400. மொத்தம் 25,500 கிலோ. உள்ளே சரக்கு நகராமல் இருக்க வைக்கும் கட்டை, பட்டைக்கு ஒரு 50. காலிக் கண்டெய்னரின் எடை கதவில் எழுதியிருக்கும். எனக்குக் கிடைத்த பெட்டியில் 2,250. எல்லாம் சேர்த்து 27,800 கிலோ.

நான் 25 என்று நினைத்திருந்தது கப்பலுக்கு ஏறக்குறைய 28. இது வெறும் கணக்குத் திருத்தம் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரு கப்பலில் இத்தனை கண்டெய்னர் இடம் என்று சொல்வது ஒரு எண். ஒவ்வொரு 20 அடிப் பெட்டியும் 14 டன் இருந்தால் எத்தனை ஏற்றலாம் என்பது அதைவிடச் சிறிய இன்னொரு எண். இடம் காலியாக இருந்தும் எடை நிரம்பிவிடுவது உண்டு. என் பெட்டி ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பெட்டியின் எடையைத் தின்கிறது. அதனால்தான் கப்பல் கம்பெனிகள் கனமான 20 அடிப் பெட்டிக்கு யோசித்து யோசித்து இடம் கொடுக்கின்றன. 25 என்று புக் செய்துவிட்டு 28-ஐக் கொண்டுபோய் நிறுத்தினால், இடம் நெருக்கடியாக இருக்கும் வாரத்தில் முதலில் வெளியே தள்ளப்படுவது அப்படிப்பட்ட பெட்டிதான்.

அதே போனில் இன்னொன்றும் சொன்னார். காலிப் பெட்டி எடுக்கும்போது கதவில் அதிகபட்ச மொத்த எடை 30,480 கிலோ என்று இருக்கிறதா பாருங்கள், 24,000 என்று எழுதிய பழைய பெட்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள் என்று. இரண்டாவது வருடத்தில் ஒருமுறை அப்படி ஒரு பெட்டி வந்தே விட்டது. டிரைவர் கதவைப் போட்டோ எடுத்து அனுப்பினார், யார்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே மாற்றிக்கொண்டோம். பையெல்லாம் ஏற்றிய பிறகு கவனித்திருந்தால் ஆயிரம் பையையும் இறக்க வேண்டியிருக்கும்.

2016 ஜூலை 1 முதல், சரக்கோடு சேர்த்துச் சரிபார்த்த பெட்டி எடையை, அதாவது வி.ஜி.எம்.மை, ஏற்றுமதியாளர் எழுதிக் கொடுக்காமல் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. நிரம்பிய பெட்டியை அப்படியே எடை போடலாம், இல்லையென்றால் மேலே சொன்னபடி ஒவ்வொன்றாக எடை போட்டுக் கூட்டலாம். புக்கிங்கில் கொடுத்த எடையும் வி.ஜி.எம்.மும் என் விஷயத்தில் இத்தனை வருடத்தில் நூறு கிலோவுக்கு மேல் விலகியதே இல்லை. அதற்கு முழுக்காரணம் அந்த முதல் போன்.

துறைமுகம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பெயரோடு, ராட்டர்டாமுக்கு NLRTM என்பது மாதிரி, ஐந்தெழுத்துக் குறியீட்டையும் எழுதச் சொல்வார். ஒரே பெயரில் வேறு வேறு நாட்டில் துறைமுகம் இருப்பதால் அது நல்ல பழக்கம். கப்பல் இறக்கும் துறைமுகம் எது, சரக்கு கடைசியாகப் போய்ச்சேரும் இடம் எது என்று தனித்தனியாகவும் கேட்பார்.

சரி, தேதிக்கு வருகிறேன். இவ்வளவு நுணுக்கமாக எடை கேட்கும் அதே அலுவலகம் தேதியில் ஏன் இப்படி இருக்கிறது என்று ஆறு வருடமாக எனக்கு விளங்கவில்லை.

மூன்று வருடம் முன்பு நடந்தது. எல்.சி.யில், அதாவது பணத்துக்கு வாங்குபவரின் பேங்க் தரும் உறுதிக் கடிதத்தில், சரக்கு கப்பல் ஏற வேண்டிய கடைசி நாள் 20. கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் "கப்பலில் ஏற்றப்பட்டது" என்று விழும் தேதி அதற்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேங்க் பேப்பரில் குறை சொல்லும். "18ஆம் தேதிக் கப்பலில் ஒரு 20 அடி வேண்டும்" என்று எழுதினேன். மறுநாள் பதில்: "18ஆம் தேதி கப்பல் கன்ஃபார்ம்." அவ்வளவுதான். 18 வெள்ளிக்கிழமை. புதன் மதியம் சரக்கு தயார், பெட்டிக்குள் அடுக்கும் ஸ்டஃபிங் நான்கு மணி நேரம், ரோடு ஐந்து மணி நேரம். இரவு ஒன்பதுக்குப் பெட்டி டெர்மினல் வாசலில் நிற்கும், கப்பலுக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

கேட் கட்-ஆஃப் புதன் மாலை ஆறு மணி. மூன்று மணி நேர வித்தியாசத்தில் தவறவிட்டோம். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் போக வேண்டும் என்று திட்டம் போட டெர்மினலுக்கு நேரம் வேண்டும் என்பதால், கப்பல் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வாசலை அடைத்துவிடுகிறார்கள். பில் ஆஃப் லேடிங்குக்கான விவரம் கொடுக்கும் கட்-ஆஃப் அதற்கும் முந்தின நாள் மதியமே முடிந்திருந்தது. அடுத்த கப்பல் 25. எல்.சி. தேதியைத் திருத்தச் சொல்லி வாங்குபவரிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. அவர் நல்லவர், ஒத்துக்கொண்டார். ஆனால் அடுத்த ஆர்டரில் விலை பேசும்போது அதை நினைவுபடுத்தவும் மறக்கவில்லை.

என் கோபம் கட்-ஆஃப் மேல் இல்லை. அந்த நேரம் ஏஜென்ட் கையில் இருந்த கன்ஃபர்மேஷன் பேப்பரில் அச்சாகியிருந்தது. திங்கட்கிழமை எனக்குத் தெரிந்திருந்தால், வாசல் அடைத்த பிறகும் பெட்டியை வாங்கிக்கொள்ள முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு சில கப்பல் கம்பெனிகள் விடுவதுண்டு. இல்லையென்றால் செவ்வாய் இரவு ஆள் போட்டு மூட்டை கட்டியிருப்பேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அன்றிலிருந்து நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் இப்படித்தான் எழுதுகிறேன்:

"ஒரு 20 அடி கண்டெய்னர், அதிகபட்ச எடை 30,480 உள்ளது. சரக்கு கனிமப் பொடி, 1,000 பை, 20 பேலட், மொத்த எடை 25,500 கிலோ, பெட்டியோடு சுமார் 27,800. இறக்கும் துறைமுகம் NLRTM. பெட்டி டெர்மினல் வந்து சேரக்கூடிய நேரம் 16 இரவு 9 மணி, அதற்கு முன்னால் முடியாது. கப்பல் ஏற வேண்டிய கடைசி நாள் 20. இந்த இரண்டுக்கும் நடுவில் பொருந்தும் கப்பல் இருந்தால் மட்டும் புக் செய்யவும். பதிலில் கப்பல் பெயர், வாயேஜ் எண், கேட் கட்-ஆஃப், விவரம் கொடுக்கும் கட்-ஆஃப், வி.ஜி.எம். கட்-ஆஃப் ஆகியவை வேண்டும்."

இதில் "18ஆம் தேதிக் கப்பல்" என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். கப்பல் தேதியை நாம் சொன்னால் ஏஜென்ட் அந்தத் தேதிக்குப் பதில் சொல்வார். நமக்கு முடியும் நேரத்தையும் தாங்கும் கடைசி நாளையும் சொன்னால்தான் அவர் கப்பலைத் தேடுவார். கப்பல் தேதியும் கல்லில் எழுதியது இல்லை. கப்பல் தாமதமானால் கட்-ஆஃப் தள்ளிப்போகும், சில நேரம் முன்னுக்கும் வரும். அதனால் ஸ்டஃபிங்குக்கு முந்தின நாள் காலை நானே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு எழுதியும் பாதித் தடவை பதில் "கன்ஃபார்ம்" என்றுதான் வருகிறது. திரும்ப போன் போட்டால் தேனாகப் பேசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறார்கள். கேட்டால் கிடைக்கிறது, கேட்காமல் வருவதில்லை.

போன மாதம் பெட்டி ரோல் ஆனது. நேரத்துக்கு உள்ளே போய்விட்டது, எடை சரி, பேப்பர் சரி, ஆனால் கப்பலில் எடை நிரம்பிவிட்டதால் அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். இதில் ஏஜென்ட்டைக் குறை சொல்ல மாட்டேன், முடிவு கப்பல் கம்பெனியுடையது. எனக்குத் தெரிந்தது எப்படி என்பதுதான் பிரச்சினை. கப்பல் கம்பெனியின் டிராக்கிங்கில் பெட்டி "கேட் உள்ளே" என்று இருந்தது, கப்பல் கிளம்பிய பிறகும் "ஏற்றப்பட்டது" என்று மாறவில்லை. வாயேஜ் எண்ணைப் பார்த்தால் வேறு எண். நான் போன் செய்து கேட்ட பிறகு, "ஆமா சார், நேத்தே சொல்லலாம்னு இருந்தோம்" என்றார்கள். இந்தத் தடவை எல்.சி. இல்லை, பிழைத்தேன்.

ஆக, எடை விஷயத்தில் இவரைவிட நல்ல ஏஜென்ட்டை நான் பார்த்ததில்லை. கட்டணம் நியாயம், ஆறு வருடத்தில் ஒரு பில்லில்கூடச் சொல்லாத செலவைச் சேர்த்ததில்லை. இதையெல்லாம் நண்பரிடமும் சொன்னேன். அப்புறம், அவருடையது எல்.சி. சரக்கு, முதல் கண்டெய்னர், கடைசி நாளுக்கும் சரக்கு தயாராகும் நாளுக்கும் நடுவில் ஐந்தே நாள் என்று தெரிந்ததும், வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதல் பதிலிலேயே கட்-ஆஃப் மூன்றையும் எழுதி அனுப்பும் வேறு ஒருவரைப் பாருங்கள், எடைக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன் என்றேன்.

என்னுடைய அடுத்த பெட்டி இந்த மாதக் கடைசியில். எடை, துறைமுகம், இரண்டு தேதி எல்லாம் எழுதி நேற்று இவருக்கே அனுப்பிவிட்டேன். பதில் வந்திருக்கிறது. கப்பல் பெயர் இருக்கிறது, வாயேஜ் எண் இருக்கிறது, கட்-ஆஃப் இல்லை. காலையில் போன் போட வேண்டும்.