நிறுவன விழாவுக்கு வீடியோ குழு அமர்த்துவோர் கவனத்திற்கு

எங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழாவைப் படம்பிடிக்க அமர்த்திய குழு, நிர்வாக இயக்குநரின் உரை முழுவதும் கரகரத்து உடைந்து ஒலிக்கும் ஒரு பதிவைக் கொடுத்துவிட்டு, மீதித் தொகையைக் கேட்டு நிற்கிறது. குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், வேறு குழுவை அமர்த்துகிறவர்களும் முன்கூட்டியே சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

அவர்களுடைய விலைப்புள்ளியில் மூன்று கேமராக்கள் என்றும், மேடை மைக்குகளின் ஒலியை ஒன்றாகக் கலக்கும் மிக்சரிலிருந்து நேரடி ஒலிப்பதிவு என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். மிக்சரிலிருந்து கேபிளும் வந்தது, கேமராவிலும் செருகினார்கள். ஆனால் மிக்சரிலிருந்து வெளிவருவது லைன் அளவிலான சமிக்ஞை. அதன் மின்னழுத்தம், மைக்கிலிருந்து நேராக வருவதைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக இருக்கக்கூடும். இதற்காகவே இத்தகைய கேமராக்களில் அந்த உள்ளீட்டுக்கு அருகில் 'மைக்', 'லைன்' என்று மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். அது 'மைக்'கிலேயே இருந்திருக்கிறது. மீட்டர் சிவப்பில் முட்டி நின்றதும் இயக்கியவர் குமிழைத் திருப்பி அளவைக் குறைத்திருக்கிறார், மீட்டரும் இறங்கிவிட்டது. ஆனால் குமிழுக்கு முன்பே, உள்ளீட்டுப் பெருக்கியிலேயே ஒலி உடைந்துவிட்டதால், அதன் பிறகு குறைந்தது சத்தம் மட்டும்தான், உடைசல் அப்படியே இருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஹெட்போன் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அரங்கின் ஒலியமைப்பே மோசம் என்பது அவர்கள் சொன்ன முதல் பதில். மூன்றாவது வரிசையிலிருந்து எங்கள் ஊழியர் ஒருவர் கைபேசியில் எடுத்த துண்டில் அதே உரை தெளிவாகக் கேட்கிறது என்று காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. எடிட்டிங் மென்பொருளில் திறந்து பார்த்தபோது, அலைவடிவத்தின் மேடுகளும் பள்ளங்களும் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தன. அளவு குறைவாக இருந்தும் மேடுகள் இப்படி வெட்டுப்பட்டிருந்தால், உள்ளீட்டில் நேர்ந்த தவறு என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இழந்த பகுதியை எந்த வடிகட்டியும் முழுமையாகத் திருப்பித் தராது. தனி ரெக்கார்டரோ, பேச்சு மேடையில் இன்னொரு மைக்கோ வைத்திருந்தால் உரை தப்பியிருக்கும். அவர்களிடம் மாற்றாக இருந்தது, அரங்கின் கடைசியில் நின்ற கேமராவின் எதிரொலி நிறைந்த ஒலி மட்டுமே.

ஒளி விஷயமும் இதே அலட்சியம்தான். பேச்சாளர் மேல் விழுந்தது ஏறத்தாழ 3200 கெல்வின் மஞ்சள் ஒளி. பின்னால் இருந்த எல்ஈடி திரை அதைவிட வெகு நீலமானது. வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையையும், படத்தின் வெளிச்ச அளவைத் தீர்மானிக்கும் எக்ஸ்போஷரையும் தானியங்கியில் விட்டுவிட்டதால், திரையில் ஸ்லைடு மாறும்போதெல்லாம் முகத்தின் நிறம் மாறுகிறது. வெள்ளைப் பின்னணி கொண்ட ஸ்லைடு வந்தால் முகம் இருண்டே போகிறது. விளக்குகள் எரியும்போது பேச்சு மேடையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வெண்சமநிலையைப் பூட்டி, முகத்தை வைத்து எக்ஸ்போஷரை நிறுத்தி, திரையின் வெளிச்சத்தைக் குறைக்கவும் உரைகளின்போது வண்ண விளக்குகளை மேடைக்குப் பின்புறம் மட்டும் போடவும் சொல்லியிருந்தால் போதும். ஒத்திகை நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. ஒத்திகைக்கு அவர்கள் வரவில்லை.

பார்வையாளர்களைக் காட்டிய விதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்றாவது கேமரா வரவேயில்லை. இரண்டாவதை முக்காலியில் நிறுத்திவிட்டு ஆள் வெளியே போய்விட்டார். மிக்சர் ஒலியில் மேடை மைக்குகள் மட்டுமே இருக்கும் என்பதால், அரங்கு அதிரச் சிரித்த இடங்களில்கூடப் பதிவில் வெறும் மௌனம்தான். மேடை ஓரத்தில் கூட்டத்தை நோக்கி இரண்டு மைக்குகளை வைத்துத் தனித் தடத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எங்கிருந்தோ எடுத்த கைதட்டல் ஒலியையும், வேறு நேரத்தில் எடுத்த கூட்டத்துக் காட்சிகளையும் ஒட்டியிருக்கிறார்கள். விளைவு, விருது வாங்க மேடையில் நிற்கும் பெண் ஊழியரே அடுத்த காட்சியில் இருக்கையில் அமர்ந்து தமக்குத் தாமே கைதட்டுகிறார். அலுவலகத்தில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

மூலக் கோப்புகளைக் கேட்டபோது, அவை ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். மீதித் தொகையை நிறுத்திவைப்போம் என்று எழுதிய பிறகே கொடுத்தார்கள். கைதட்டல் காட்சிகள் ஒட்டப்பட்டவை என்பது அவற்றின் நேரக் குறிப்புகளைப் பார்த்துத்தான் உறுதியானது. தொகை பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த விழாவுக்கான பணி ஆணையில், ஒத்திகைக்கு வருவது, ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்க ஹெட்போனுடன் ஒரு தனி ஆள், மிக்சர் ஒலிக்கு இரண்டாவது பதிவு, கூட்டத்தை நோக்கிய ஒரு கேமரா, மூலக் கோப்புகள் ஆகிய ஐந்தையும் நிபந்தனைகளாகவே எழுதி வைத்திருக்கிறோம். இவற்றுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடாத குழுவுக்கு முன்பணம் கிடையாது.