ரைட்டிங் பேடா, டேபா: ஒரு டியூஷன் வாத்தியாரின் கணக்கு

மன்னார்குடி பக்கம் டியூஷன் எடுக்கும் நானும் நண்பரும் ஒரே சமயத்தில்தான் பத்தாம் வகுப்புக் கணக்கை வீடியோவாகப் பதிய ஆரம்பித்தோம். நான் வாங்கியது திரை இல்லாத ரைட்டிங் பேட். அதை மடிக்கணினியில் செருகி, Xournal++ல் எழுதி, OBSல் திரையைப் பதிகிறேன். அவர் வாங்கியது பேனாவோடு வரும் ஆண்ட்ராய்டு டேப். ஆண்ட்ராய்டு 11லிருந்து திரைப்பதிவு உள்ளேயே இருப்பதால் அவருக்குத் தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். விலையில் என்னுடையது ரொம்பக் குறைவு, ஆனால் மடிக்கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்ததால்தான் அந்தக் கணக்கு சரிவருகிறது.

முதலில் மாட்டிக்கொண்டது நான். 5 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து கிடையாக 13 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து தொடுகோடு. நீளம் 12 என்று எல்லோருக்கும் தெரியும். காம்பஸ் வைத்துத் தாளில் அரை அளவில் வரைந்து, தாளைப் பேட் மேல் வைத்து, பேட் பேனாவால் கோட்டின் மேலேயே இழுத்தேன். நடுவில் தாள் இருந்தாலும் பேனாவின் அசைவு பேடுக்குத் தெரியும். வீடியோ பார்த்த ஒரு பொண்ணு, “சார், வட்டம் முட்டை மாதிரி இருக்கு. தொடுகோட்டுல கோணமானி வெச்சுப் பாத்தா 94 டிகிரி வருது” என்றாள்.

அவள் அளந்தது சரிதான். என் பேடின் எழுதும் பரப்பு 152க்கு 95 மி.மீ., அதாவது 16க்கு 10. திரையோ 16க்கு 9. பேட் முழுவதையும் திரை முழுவதிலும் விரித்தால், உயரத்தைவிட அகலம் 10/9 மடங்கு கூடுதலாக இழுபடும். ஆரத்தின் சாய்வு 12/5லிருந்து 2.16 ஆகிறது, தொடுகோட்டின் சாய்வு -5/12லிருந்து -0.375 ஆகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் 90 இருக்க வேண்டிய கோணம் 94ஐத் தாண்டிவிடும். பேடின் டிரைவர் அமைப்பில் Force Proportions மாதிரி ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் செய்தால் போதும். உயரத்தில் 9.5 மி.மீ. பயன்படாமல் போகும், அதனால் நஷ்டமில்லை. டேபில் எழுதுகிற இடமே திரை என்பதால் நண்பருக்கு இந்தத் தொல்லையே வரவில்லை. வடிவியல் மட்டும்தான் நடத்தப் போகிறீர்கள் என்றால் டேப்தான் என் ஓட்டு.

இயற்கணிதம் வேறு கதை. பேடில் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். 15.6 அங்குலத் திரையின் அகலம் பேடைப்போல இரண்டேகால் மடங்கு, ஆக கை 1 மி.மீ. நடுங்கினால் திரையில் 2 மி.மீ.க்கு மேல் தெரியும். x²இல் உள்ள 2 எனக்கு இரண்டு வாரம் z மாதிரிதான் வந்தது. பக்கத்தைப் பெரிதாக்கி வைத்து, ஒரு வரிக்கு ஒரு படி என்று எழுத ஆரம்பித்த பிறகு சரியானது. மாணவர்கள் கைபேசியில் பார்ப்பதால் அந்தப் பெரிய எழுத்து அவர்களுக்கும் வசதி. டேபில் முதல் நாளே எழுத்து நன்றாக வரும். ஆனால் கண்ணாடி வழுக்கும், பத்து அங்குலத்தில் நீளமான சமன்பாடு இடிக்கும்.

அப்புறம் கரண்ட். ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, என் மடிக்கணினியின் பேட்டரியோ எப்போதோ செத்துவிட்டது. ஒரு நாள் 25 நிமிட வகுப்பு mp4 கோப்பாகப் பதிவாகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கோப்பு இருந்தது, திறக்கவில்லை. சாதாரண mp4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும், பாதியில் நின்றால் உள்ளே இருப்பதைப் படிக்க வழியில்லை. OBS அமைப்பில் Recording Format என்ற இடத்தில் mkv வைத்துவிட்டால் போன நொடி வரைக்கும் தப்பிவிடும். பிறகு Fileக்குள் Remux Recordings போய் mp4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது. டேப் பேட்டரியில் ஓடுவதால் நண்பர் மழையிலும் நடத்திக்கொண்டே இருப்பார். அவருக்கு எதிரி நடுவில் வந்து விழும் வாட்ஸ்அப் அறிவிப்புதான். ஒருமுறை மச்சான் அனுப்பிய கல்யாண மெனு முக்கோணவியலுக்கு நடுவில் பதிவாகிவிட்டது. இப்போது Do Not Disturb போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்.

என் மடிக்கணினி உயிரோடு இருக்கிறவரை நான் பேடிலேயே ஓட்டுவேன், திருத்துவதும் வெட்டி ஒட்டுவதும் அதில்தான் சுலபம். டேப்தான் வேண்டும் என்பவர்கள் பேனாவைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் முனைப் பேனாவை டேப் விரல் என்றே நினைக்கும், ஊன்றிய உள்ளங்கையும் சேர்ந்து கிறுக்கும். கடையிலேயே கையை நன்றாகத் திரையில் ஊன்றி ஒரு பின்னம் எழுதிப் பாருங்கள், கைக்கு அடியில் ஒரு கோடு விழுந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.