அழகர் இறங்கிய ராத்திரி நான் தூங்கினேனாம்: வாட்ச் கணக்கை நம்பி 8,396 ரூபாய் விட்ட கதை

சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆழ்வார்புரம் பக்கம் கரைச் சுவரோரம் இடம் பிடித்திருந்தோம். ராத்திரி ரெண்டு மணியிலிருந்து அசையக்கூட இடமில்லை. தங்கச்சி பேரன் என் இடது கையைத் தலையணையாக வைத்துத் தூங்கிவிட்டான். அவன் முழித்துவிடுவானே என்று கையை ஆட்டாமல், சுவரில் சாய்ந்தபடி, கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம்கூடக் கண் அசரவில்லை. பக்கத்தில் இருந்த மச்சான்தான் சாட்சி.

காலையில் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், அந்த இடது கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சின் ஆப்பில் வருகிறது: தூக்கம் 2 மணி 10 நிமிடம், அதில் ஆழ்ந்த தூக்கம் 34 நிமிடம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் பாதிக்கு மேல் பணம் போயிருந்தது.

பங்குனிக் கடைசியில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் அந்த வாட்சை 2,499 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்கு வயது 51, துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவன், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. நடையை எண்ணலாம் என்றுதான் போனேன். கடைக்காரத் தம்பி, "அண்ணே, நடை என்ன பெரிய விஷயம்? இதுல ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம், கனவுத் தூக்கம் எல்லாம் நிமிஷக் கணக்கா வரும். ஆஸ்பத்திரி மிஷின் பாக்குறதும் இதும் ஒண்ணுதான்" என்றார். நானும் சரியென்று கட்டிக்கொண்டேன்.

ரெண்டு வாரம் கழித்து ஆப்பில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு: தூக்க மதிப்பெண் 48, ஆழ்ந்த தூக்கம் 31 நிமிடம் மட்டும், நிபுணரோடு இலவசமாகப் பேசுங்கள். அமுக்கினேன். பத்து நிமிஷத்தில் ஒரு அம்மா நல்ல தமிழில் பேசினார். "சார், இப்படியே போனா இதயத்துக்கு ஆபத்து. ஆழ்ந்த தூக்கத்தை ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டு வரணும்" என்றார். மாதம் 999 ரூபாய்க்கு ஒரு பிளான், கூடவே ராத்திரி பாலில் கலக்க ஒரு பவுடர், டப்பா 1,450. பயத்தில் ரெண்டு டப்பா வாங்கினேன். பிளானுக்கு மாதா மாதம் பணம் தானாகப் போகும்படி யுபிஐயில் ஆட்டோபேயும் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நிஜமாகவே தூக்கம் கெட்டது. மூன்று மணிக்கு முழித்து, இன்றைக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று போனைத் தடவுவேன். முன்னெல்லாம் முழித்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிற ஆள் நான்.

திருவிழா முடிந்த வாரம் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். தூக்கப் பரிசோதனை செய்கிற இடத்தில் டெக்னீஷியன் வேலை. அவளிடம் ஆப்பைக் காட்டினேன். சிரித்துவிட்டு வாட்சைக் கழற்றித் திருப்பி, பின்பக்கம் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கைக் காட்டினாள்.

"மாமா, இதுகிட்ட இருக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, கை ஆடுறதைப் பாக்குற சென்சார். இன்னொண்ணு இந்த வெளிச்சம். தோலுக்குள்ள ரத்தம் ஏறி இறங்குறப்ப வெளிச்சம் திரும்பி வர்ற அளவு மாறும், அதை வச்சு நாடியை எண்ணும். அவ்வளவுதான். தூங்குறது உங்க மூளை. அதுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர்கள் பார்க்கிற விதத்தையும் சொன்னாள். மண்டையில், கண்ணோரத்தில், தாடையில் மின்வாய்கள் ஒட்டி மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம் மூன்றையும் ராத்திரி முழுக்கப் பதிவு செய்வார்களாம். பிறகு அதை 30 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று குறிப்பார்கள். ஆழ்ந்த தூக்கம் என்றால் மூளை அலை மெதுவாக, பெரிதாக வர வேண்டும். வாட்சுக்கு அந்த அலை தெரியவே தெரியாது. கை ஆடவில்லை, நாடி சீராக இறங்கியிருக்கிறது, அப்படியானால் ஆழ்ந்த தூக்கமாக இருக்கலாம் என்று ஒரு ஊகம். கை ஆடவில்லை, நாடி மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் கனவுத் தூக்கமாக இருக்கலாம் என்று இன்னொரு ஊகம். பேரன் தலைக்கு அடியில் ஆடாமல் கிடந்த என் கையைத் தூக்கம் என்று எழுதியது அதனால்தான். முழித்துக்கொண்டே அசையாமல் படுத்திருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த மாதிரி வாட்ச்களுக்கு ரொம்பக் கஷ்டமாம். சும்மா புரண்டு படுக்காமல் கிடந்தால் போதும், தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும்.

இதையெல்லாம் விளக்கிய பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி பக்கம் திரும்பி, "அத்தை, மாமா குறட்டை விடுவாரா?" என்றாள்.

"தெருவே கேக்கும். நடுவுல நடுவுல மூச்சே நின்ன மாதிரி சத்தம் இல்லாம போயிரும், அப்புறம் திடுக்குன்னு ஒரு இழுப்பு இழுப்பாரு" என்றாள் இவள். இதை ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, வாட்ச் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரைப் பார்த்தோம், பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு ராத்திரி தலையெல்லாம் ஒயரோடு படுத்தேன். அனுமதி கேட்டு, வாட்சையும் கையில் கட்டிக்கொண்டேன். ராத்திரி பத்தரை முதல் காலை ஐந்தரை வரை, மொத்தம் 7 மணி நேரம் படுக்கையில். ரிப்போர்ட் வந்ததும் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிஷின் கணக்கில் நான் தூங்கியது 5 மணி 12 நிமிடம். வாட்ச் கணக்கில் 6 மணி 31 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கும் மேலே முழித்துக் கிடந்ததை அப்படியே தூக்கமாக்கிவிட்டது. ஆழ்ந்த தூக்கம் மிஷினில் 46 நிமிடம், வாட்சில் 1 மணி 24 நிமிடம். புது இடம், ஒயர், ஏசிக் குளிர் என்று நான் பாடாய்ப்பட்ட அந்த ராத்திரிக்கு ஆப் கொடுத்த மதிப்பெண் 79, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு.

ரிப்போர்ட்டில் முக்கியமான வரி வேறு ஒன்று. மணிக்கு 24 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. 15க்கும் 30க்கும் நடுவில் இருந்தால் நடுத்தர அளவு மூச்சுத் தடை என்றார் டாக்டர். அதற்கு அவர் சொன்னது, மூச்சு அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்ப மூக்கில் மாட்டுகிற சிபேப் மிஷின், பால் பவுடர் இல்லை. அப்படியானால் 48 மதிப்பெண் போட்டு வாட்ச் முன்கூட்டியே எச்சரித்ததே என்று மச்சான் கேட்டார். அது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை. 79 போட்ட ராத்திரியிலும் இதே 24தானே?

நடைக் கணக்கையும் சோதித்துப் பார்த்தேன், அதை மட்டும் மொத்தமாகக் குறை சொல்ல மனசு வரவில்லை. தெப்பக்குளத்தை ஒரு சுற்று, நூறுக்கு ஒரு புளியங்கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டே எண்ணி நடந்தேன். நான் எண்ணியது 1,904, வாட்ச் 1,870. பரவாயில்லை. மறுநாள் இடது கையில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டு 500 காலடி எண்ணி நடந்தால் 310தான் காட்டியது, கை வீசினால்தானே அதற்கு நடை. அனுப்பானடியிலிருந்து கடைக்கு ஸ்கூட்டரில் போனால், நம் ரோட்டுக் குலுக்கலுக்கு 600க்கு மேல் ஏறுகிறது. வீட்டுக்காரி கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மல்லிகைப் பூக் கட்டினாள், அதிலும் ஆயிரத்துச் சொச்சம் நடந்துவிட்டாள்.

ஆனால் காலடிக் கணக்கிலிருந்து தூரம் என்று போனதும் அது ஊகமாகிவிடுகிறது. தெப்பக்குளத்துச் சுற்று என் வண்டி மீட்டரில் 1.2 கிலோமீட்டர், ஆப்பில் 1.32. காரணம் தேடினால், ஆப்பில் என் உயரம் 170 சென்டிமீட்டர் என்று தானாகவே பதிந்திருந்தது. நான் 162. இந்த மாதிரி ஆப்கள் உயரத்தை ஏறக்குறைய 0.41ஆல் பெருக்கி ஓர் அடியின் நீளம் என்று வைத்துக்கொள்கின்றன. 170க்கு அது 70 சென்டிமீட்டர். நான் மெதுவாக நடக்கிறவன், 1,200 மீட்டரை 1,904ஆல் வகுத்தால் என் அடி 63தான் வருகிறது. உயரத்தைத் திருத்தியதும் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. அந்தத் தூரத்திலிருந்தும் எடையிலிருந்தும் கலோரி போடுகிறதே, அது ஊகத்தின் மேல் கட்டிய ஊகம். அதைப் பார்த்து ஜிகர்தண்டா குடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு சோதனை அக்கா மகள் சொல்லிக் கொடுத்தது. துண்டைச் சுருட்டி அதன் மேல் வாட்சைக் கட்டி வைத்தேன். துண்டுக்கு நாடி 71, ரத்த அழுத்தம் 118க்கு 76. என் கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்தபோது டாக்டரிடம் வந்தது 148க்கு 92. இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால்? வாட்ச் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு துணியைச் சுருட்டிக் கட்டிப் பாருங்கள். துணிக்கும் ரத்த அழுத்தம் காட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். வாட்ச் 2,499, பவுடர் 2,900, பிளான் மூன்று மாதம் 2,997. திருவிழாவுக்கு அடுத்த வாரமே பிளான் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "சரி சார்" என்றார். அடுத்த மாதமும் 999 போனது. போனில் சொல்வதாலும் ஆப்பை அழிப்பதாலும் ஆட்டோபே நிற்காது. ஒப்புதல் கொடுத்த யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து நாமே ரத்து செய்துவிடலாம். அங்கே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் மாதா மாதம் ஐந்து வருஷத்துக்கு எடுக்க ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்.

கடையில் போய்க் கேட்டேன். தம்பி ஆப்பைத் திறந்து, அமைப்புகளின் கடைசியில், பொடி எழுத்தில் இருந்த ஆங்கில வரியைக் காட்டினார்: இது பொதுவான உடல்நலக் குறிப்புக்கு மட்டும், மருத்துவக் கருவி அல்ல. "போட்டுத்தானேண்ணே இருக்கு" என்றார். விற்கும்போது ஆஸ்பத்திரி மிஷின் என்று சொன்ன அதே வாய்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். ரசீது, போன் அழைப்பு நேரம், ஆட்டோபே பிடித்தத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அனுப்பியதில், வேண்டாம் என்று சொன்ன பிறகு பிடித்த 999 மட்டும் திரும்பி வந்திருக்கிறது. வாட்சுக்கும் பவுடருக்கும் இன்னும் பதில் இல்லை. வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.