உள்ளங்கால் மருவுக்கு சலிசிலிக் பூச்சு: 12 வாரங்களில் என்ன நடக்கும்

பாமசியில் சின்னப் போத்தலில் கிடைக்கிற மருப் பூச்சைப் பற்றி "ஒரு மாசம் பூசினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பழைய பூச்சை உரிக்காமலே அதன்மேல் புதிதாகப் பூசிக்கொண்டே போயிருப்பார்கள். இல்லையென்றால் மருவைச் சுற்றியிருந்த நல்ல தோல் வெந்து, எரிச்சல் தாங்காமல் பத்தாம் நாளே விட்டிருப்பார்கள். இந்த இரண்டையும் தவிர்த்தால் இது பலன் தருகிற மருந்துதான், ஆனால் மெதுவாக வேலை செய்யும்.

கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்கும் ஒரு பெண்ணின் பாதத்தை எடுத்துக்கொள்வோம். முன்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே அரைச் சென்டிமீற்றர் அகலத்தில் ஒரு மரு. மழை மாதங்களில் கால் பூட்ஸுக்குள் ஈரமாகவே கிடக்கும், அதனால் மேல்தோல் ஊறித் தடித்திருக்கும். முதலில் இது மருதானா, கால் ஆணியா என்று பார்க்க வேண்டும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மரு பக்கவாட்டில் கிள்ளும்போதுதான் கூடுதலாக வலிக்கும். பாதத்தின் ரேகைகள் ஆணியின் மேலாக ஓடும், மருவிலோ ஓரத்தோடு நின்றுவிடும். மேற்புறத்தைக் கொஞ்சம் தேய்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை மருவுக்குள் போன நுண்ணிய இரத்தக் குழாய்கள் உறைந்த அடையாளம். "வேர்" என்று நினைத்து ஊசியால் தோண்டினால் இரத்தம்தான் வரும், மருவின் வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவலாம்.

போத்தல் லேபலில் சலிசிலிக் அமிலம் 16.7% அல்லது 17% என்று இருக்க வேண்டும். சிலவற்றில் அதே அளவு லக்டிக் அமிலமும் சேர்ந்திருக்கும். படைக்குத் தருகிற விட்பீல்ட் ஒயின்மென்டிலும் சலிசிலிக் அமிலம் உண்டு, ஆனால் 3% தான். உள்ளங்கால் மருவுக்கு அது போதாது. வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற சுண்ணாம்பை வைத்துச் சுடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அது எவ்வளவு ஆழத்துக்குச் சுடும் என்பது நம் கையில் இல்லை.

பூசுவதற்கு இரவுதான் நல்லது. காலையில் பூசிவிட்டு ஈர பூட்ஸுக்குள் காலை விட்டால் படலம் மதியத்துக்குள் கழன்றுவிடும். ஒரு பேசினில் கை தாங்குகிற சூட்டில் தண்ணீர் எடுத்து, பாதத்தை 5 முதல் 10 நிமிடம் ஊற வையுங்கள். முதல் நாள் பூசிய படலம் வெள்ளையாக எழும்பி நிற்கும், அதை மெதுவாக உரித்தெடுங்கள். பிறகு நகம் தேய்க்கும் அட்டை அரத்தால் மருவின் மேற்புறத்தை மட்டும் தேய்க்க வேண்டும். வெள்ளையாக ஊறிய செத்த தோல் மாவாக உதிரும். கூச்சமோ இளஞ்சிவப்பு நிறமோ வந்தவுடன் நிறுத்துங்கள். இரத்தம் கசிந்தால் அன்றைக்குப் பூச்சு வேண்டாம். அந்த அரத்தை நகத்துக்கோ வீட்டில் வேறு யாருக்கோ கொடுக்கக் கூடாது. கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

துவாயால் நன்றாக ஒற்றி, விரலிடுக்கு வரை உலர்த்திய பிறகு நல்ல தோலுக்குக் காவல் போட வேண்டும். மருவின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீற்றர் தள்ளி, சுற்றிவர வஸ்லின் வளையம் ஒன்று. நுவரெலியா பக்கத்துக் குளிரில் வஸ்லின் இறுகிக் கிடக்கும், அதை அப்படியே அப்பினால் கட்டியாக நிற்கும், இடையிடையே வெற்றிடம் விழும். விரல் நுனியில் தேய்த்து இளக்கி, காதுக் குச்சியால் மெல்லியதாகப் பூசுங்கள். மருவின் மேல் வஸ்லின் பட்டால் பூச்சு ஒட்டாது, உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். வஸ்லின் வழுக்கிக்கொண்டே போகிறது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒட்டும் பிளாஸ்டர் துண்டை இரண்டாக மடித்து, மடிப்பில் அரைவட்டமாக வெட்டினால் நடுவில் வட்ட ஓட்டை கிடைக்கும். ஓட்டை மருவின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அதை ஒட்டிக்கொண்டு ஓட்டைக்குள் மட்டும் பூசலாம். வெளியே வழிந்தது பிளாஸ்டரோடு போய்விடும்.

மூடியோடு வருகிற தூரிகை அரைச் சென்டிமீற்றர் மருவுக்குப் பெரிது. பற்குச்சி நுனியால் ஒரு துளி வைப்பதே போதும். அது காய்ந்து மெல்லிய தோல்போல் இறுகிய பிறகு இன்னொரு துளி. குளிர் இரவுகளில் காய்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்காக அடுப்படியில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரவே கூடாது. இந்தத் திரவம் சட்டென்று தீப்பற்றும். விளக்கு, அடுப்பு, மெழுகுதிரி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, இஸ்தோப்பில் வைத்துப் பூசுங்கள். காய்ந்ததும் மேலே சாதாரண பிளாஸ்டர் ஒட்டினால் தடித்த தோலுக்குள் மருந்து நன்றாக இறங்கும்.

முதல் வாரத்தில் மரு வெளுத்து, கறுப்புப் புள்ளிகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். மரு பெரிதாகிறது என்று பயப்பட வேண்டாம், மேல்மூடி போனதால்தான் அப்படித் தெரிகிறது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நடுவில் சிறு பள்ளம் விழும், நடக்கும்போது லேசாக நோகும். லேசான எரிச்சல் இருந்தால் தொடரலாம். வஸ்லின் வளையத்துக்கு வெளியே சிவந்து, இரவில் விண்விண் என்று தெறித்தால், அல்லது தோல் வழன்று ஈரமாக நின்றால் பூச்சை நிறுத்திவிடுங்கள். கழுவி, வஸ்லின் தடவி, பிளாஸ்டர் ஒட்டி, ஆறும் வரை விட வேண்டும். சில நாட்களில் ஆறிய பிறகு மறுபடி தொடங்கலாம், இடைவெளி விட்டதால் வேலை கெடாது. சீழ் வைத்தாலோ சிவப்பு பரவினாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாலாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மரு தட்டையாகி வலி போய்விடும், போத்தலும் அலுமாரிக்குப் போய்விடும். அடியில் மிஞ்சிய வைரஸ் கொஞ்சக் காலத்தில் அதே இடத்தில் மறுபடி தடிக்கும். முடிந்ததா என்று பார்க்க, காலை ஊற வைத்துத் தேய்த்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாதத்தைச் சாய்த்துப் பாருங்கள். சுற்றியுள்ள ரேகைகள் அந்த இடத்தின் மேலாகவும் முறியாமல் ஓட வேண்டும், ஒரு கறுப்புப் புள்ளியும் இருக்கக் கூடாது. ஒரு புள்ளி இருந்தாலும் அந்தப் புள்ளிக்கு மட்டும் பூச்சைத் தொடர வேண்டும். மரு சுருங்கச் சுருங்க வஸ்லின் வளையத்தையும் உள்ளே நெருக்கிக்கொண்டே வர வேண்டும். முதல் நாள் அளவிலேயே பூசிக்கொண்டிருந்தால் புதிதாக வந்த நல்ல தோல்தான் வேகும்.

போத்தல் திறந்து திறந்து மூடுவதில் திரவம் ஆவியாகித் தேன்போல் தடிக்கும். நூலாக இழுபட்டால் அது சரியாகப் படியாது, எதையும் ஊற்றி இளக்காமல் புதியது வாங்குங்கள். போத்தலின் கழுத்தைத் துடைத்து மூடினால் கூடுதல் நாள் வரும்.

சீனி வருத்தம் உள்ளவர்களும், காலில் உணர்ச்சி குறைந்தவர்களும், இரத்த ஓட்டம் மட்டானவர்களும் இதைத் தாங்களாகத் தொடக்கூடாது. வெந்தது அவர்களுக்குத் தெரியாது, புண் ஆறவும் ஆறாது. முகம், பிறப்புறுப்பு, மச்சம், முடி முளைத்த மரு ஆகியவற்றிலும் பூசக் கூடாது. ஒழுங்காக 12 வாரம் செய்தும் மருவின் அகலம் குறையவில்லை என்றால் இன்னொரு போத்தல் வாங்காமல் தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள். திரவ நைதரசனால் உறைய வைக்கும் சிகிச்சை இருக்கிறது. போகும்போது போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள், எந்த வீதத்தில் எத்தனை வாரம் பூசினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.